பார்கோடு ஒளிப்படத்தை வைத்து ஒரு பொருள் அசலா போலியா என்று எவ்வளவு தூரம் சொல்ல முடியும்?

நெய்தல்விழி

அனைவருக்கும் வணக்கம். கொரியாவில் தயாராகும் ஒரு சன்ஸ்கிரீன் கிரீமை நான் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். முதல் முறை எங்கள் ஊர்க் கடையில் வாங்கினேன். இரண்டாவது முறை, விலை மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்ததால், இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். இரண்டாவதாக வந்த கிரீம் சற்றுத் தளர்வாகவும் வேறு மணத்தோடும் இருக்கிறது. அட்டைப்பெட்டிகளை அருகருகே வைத்துப் பார்த்தேன். பார்கோட்டின் அடியில் உள்ள பதின்மூன்று இலக்கங்களும் இரண்டிலும் ஒன்றே. அவை 880 என்று தொடங்குகின்றன. ஆனால் இணையத்தில் வாங்கிய பெட்டியில் கோடுகள் கொஞ்சம் தடித்தும் விளிம்பு மங்கியும் தெரிகின்றன.

விற்பனையாளரிடம் கேட்டபோது, "எண் சரியாக இருக்கிறது, ஸ்கேன் ஆகிறது, ஆகவே அசல்தான்" என்று எழுதினார். தங்கை தன் கைபேசியில் எடுத்து அனுப்பிய ஒளிப்படத்தை இங்கே இணைத்திருக்கிறேன். உற்பத்தியாளரின் எண்ணைப் பொதுவில் போட விரும்பாததால் நடு இலக்கங்களை மறைத்துவிட்டேன். இந்தப் படத்தை வைத்து யாராவது உறுதியாகச் சொல்ல முடியுமா?

வேல்முருகன் க.

கவலைப்படத் தேவையில்லை, சகோதரி. 880 என்பது கொரியாவுக்குரிய எண். 690 முதல் 699 வரை தொடங்கினால் அது சீனப் பொருள்; அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும். மேலும், கடைசி இலக்கம் முன்னுள்ள பன்னிரண்டு இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது. போலி செய்பவர்கள் ஏதோ ஓர் எண்ணைப் போடுவதால் அந்தக் கணக்கு பெரும்பாலும் பொருந்தாது. உங்கள் எண்ணில் அது பொருந்தினால் பொருள் அசல் என்றே கொள்ளலாம். கோடுகள் மங்கலாக இருப்பது ஒளிப்படக் கோளாறாக இருக்கும்.

அச்சுமை

நான் சிவகாசியில் அட்டைப்பெட்டி அச்சிடும் ஓர் அச்சகத்தில் பிளேட் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வேல்முருகன் அவர்கள் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பிப் பலர் ஏமாறுவதால் விரிவாக எழுதுகிறேன்.

880 என்பது கொரியாவில் உள்ள ஜி.எஸ்.1 அமைப்பு ஒதுக்கிய எண் வரிசை. அந்த எண்ணை நிறுவனம் எந்த நாட்டு அமைப்பில் பதிந்து பெற்றது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதை அது காட்டாது. கொரிய நிறுவனம் வியட்நாமில் ஒரு பொருளைச் செய்வித்து 880 போடலாம். இந்தியாவில் பதிந்த நிறுவனம் சீனத்தில் செய்வித்துக் கொண்டுவரும் பொருளில் 890 இருப்பதை அன்றாடம் பார்க்கிறோம். ஆகவே 690 என்று தொடங்குவது போலிக்கு அடையாளமும் அல்ல, 880 என்று தொடங்குவது அசலுக்கு அடையாளமும் அல்ல. தயாரான நாட்டை அறிய வேண்டுமென்றால் பெட்டியில் எழுத்தில் அச்சிட்டிருக்கும் வரியைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கடைசி இலக்கத்தின் கணக்கு. அது தட்டச்சுப் பிழையைப் பிடிக்க ஏற்பட்டதே தவிர, போலியைப் பிடிக்க ஏற்பட்டதன்று. எங்கள் அச்சகத்தில் மாதிரிப் பெட்டி வடிவமைக்கும்போது 8901234567890 என்று ஓர் எண்ணைப் போடுவோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எழுதிய இந்த எண்ணுக்கும் கணக்கு பொருந்துகிறது பாருங்கள்:

```
8+0+2+4+6+8 = 28
9+1+3+5+7+9 = 34
28 + (34 × 3) = 130
```

கூட்டுத்தொகை 130 பத்தின் மடங்காக இருப்பதால் கடைசி இலக்கம் 0. எந்த ஸ்கேனரும் இதைத் தயங்காமல் படிக்கும். கணக்கு பொருந்தாவிட்டால் எண்ணில் பிழை இருக்கிறது என்று சொல்லலாம். பொருந்தினால் எதுவும் சொல்ல முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, போலி செய்பவர் எண்ணைத் தானாக உருவாக்க வேண்டிய தேவையே இல்லை. கடையிலிருந்து ஓர் அசல் பெட்டியை வாங்கி அதில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்வார். பதின்மூன்று இலக்க எண் ஒரு பொருள் வகைக்கு உரியது. 50 மில்லி சன்ஸ்கிரீன் பத்து லட்சம் பெட்டி தயாரானால் பத்து லட்சத்திலும் ஒரே எண்தான் இருக்கும். ஆகவே உங்கள் இரு பெட்டிகளிலும் எண் ஒன்றாக இருப்பதில் செய்தி எதுவும் இல்லை. வேறாக இருந்திருந்தால்தான் விசாரிக்க ஏதாவது கிடைத்திருக்கும்.

நெய்தல்விழி

மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் எண்ணைப் பற்றிய விற்பனையாளரின் வாதம் அடிபட்டுப் போகிறது. எண்ணை இணையத்தில் தேடினால் அதே நிறுவனத்தின் பெயர் வருகிறது என்றும் அவர் சொல்கிறார். அதற்கும் மதிப்பில்லையா?

பனையோலை

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். என் சொந்த அனுபவம் இதற்கு நேர் எதிரானது என்பதால் எழுதுகிறேன். நாங்கள் உடன்குடிப் பக்கம் கருப்பட்டி செய்து சிறு பொட்டலங்களாக விற்கிறோம். தொடக்கத்தில் விவரம் தெரியாமல், இணையத்தில் மலிவாகப் பார்கோடு எண் விற்கும் ஒருவரிடம் ஐந்து எண்களை வாங்கிவிட்டோம். அவை 0 என்று தொடங்குபவை. வாடிக்கையாளர் ஒருவர் அதைத் தேடிப் பார்த்து, "இது ஏதோ அமெரிக்க நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது, உங்கள் கருப்பட்டி போலி" என்று பலர் பார்க்க எழுதிவிட்டார். எங்கள் கருப்பட்டி எங்கள் அடுப்பில் காய்ச்சியது. எண் மட்டும்தான் வேறொருவருடையது. அந்த ஒரு வரியால் இரண்டு மாதம் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிறகு முறையாகப் பதிந்து 890 எண் வாங்கினோம்.

அச்சுமை

பனையோலை அவர்களுக்கு நேர்ந்தது போல் பல சிறு உற்பத்தியாளர்களுக்கு நேர்ந்திருக்கிறது. முன்பு அமெரிக்காவில் ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக ஒதுக்கப்பட்ட வரிசையைத் துண்டு துண்டாக விற்பவர்களிடம் எண் வாங்கினால், பதிவேட்டில் அந்தப் பழைய நிறுவனத்தின் பெயர்தான் வரும்.

நெய்தல்விழி அவர்கள் கேட்டதற்கு வருகிறேன். தேடுபொறியில் வரும் பெயரை விட, ஜி.எஸ்.1 அமைப்பே நடத்தும் `Verified by GS1` பக்கத்தில் எண்ணை இட்டுப் பார்ப்பது நல்லது. எண் யார் பெயரில் இருக்கிறது என்று அங்கே தெரியும். பெட்டியில் உள்ள நிறுவனத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பே இல்லை என்றால் காரணம் கேட்கலாம். பெயர் பொருந்தினால், அந்த எண் அந்த நிறுவனத்துடையது என்பது உறுதி. ஆனால் உங்கள் கையில் இருக்கும் பெட்டியை அந்த நிறுவனம் அச்சிட்டதா என்பதற்கு அது பதில் ஆகாது.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு, அதாவது கோடுகளின் மங்கலுக்கு வருவோம். நீங்கள் இணைத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அகலம் 1200 பிக்சல். முழுப் பெட்டியும் படத்தில் இருப்பதால் பார்கோடு ஏறத்தாழ 300 பிக்சல் அகலத்தில் அடங்கிவிட்டது. இந்த வகைப் பார்கோட்டின் அகலம் 95 அலகுகளாகப் பிரிந்தது. மிக மெல்லிய கோடு ஓர் அலகு. அப்படியானால் மெல்லிய கோட்டுக்கு உங்கள் படத்தில் கிடைத்திருப்பது மூன்று பிக்சல் மட்டுமே. கைபேசிப் படத்தைச் செயலி சுருக்கி அனுப்பும்போது விளிம்பில் ஒன்றிரண்டு பிக்சல் கலங்கிப் போவது இயல்பு. மூன்றில் இரண்டு கலங்கினால் அந்தக் கோட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? இந்தப் படத்தை வைத்து அச்சின் கூர்மையைப் பற்றி நானோ வேறு யாரோ எது சொன்னாலும் அது ஊகம்தான்.

தயவுசெய்து மீண்டும் படம் எடுங்கள். இரண்டு பெட்டிகளையும் ஒரே மேசையில், பார்கோடுகள் அருகருகே வருமாறு வைத்து, ஒரே படத்தில் எடுங்கள். சன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். ஏனென்றால் லேமினேஷன் செய்த அட்டையில் ஃபிளாஷ் பட்டால் வெள்ளை பூத்துக் கோட்டைத் தின்றுவிடும். கைபேசியை அட்டைக்கு நேர் மேலே பிடியுங்கள். படத்தைச் செயலியில் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள்.

மருந்துக்கடை ரவி

எங்கள் மருந்துக்கடையிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. மாத்திரை அட்டைப்பெட்டியில் உள்ள பார்கோட்டை ஸ்கேன் செய்தால் தயாரிப்பு எண், காலாவதி நாள் எல்லாம் வர வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதே. உங்கள் கிரீமில் அது வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் போலிதான்.

அச்சுமை

ரவி ஐயா, நீங்கள் சொல்வது வேறு. 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் 300 மருந்துப் பெயர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது அது. கியூஆர் குறியீடாகவோ பார்கோடாகவோ இருக்கும் அதில் தொகுதி எண், காலாவதி நாள், உரிம எண் ஆகியவை இருக்க வேண்டும். நாம் பேசுவது கடை கல்லாவில் விலை போடப் பயன்படும் சாதாரணக் கோட்டுப் பார்கோடு. அதில் பதின்மூன்று இலக்கங்களைத் தவிர வேறு எதற்கும் இடமே இல்லை. காலாவதி நாள் வரவில்லை என்பதால் இந்தக் கிரீமைக் குற்றம் சொல்ல முடியாது.

நெய்தல்விழி

சொன்னபடியே எடுத்து, கோப்பாக இணைத்திருக்கிறேன். பார்கோட்டின் இடது ஓரத்தை மட்டும் நெருக்கமாக எடுத்த இன்னொரு படமும் உண்டு. பக்கத்து வீட்டு நகைப் பட்டறை அண்ணனிடம் பத்து மடங்கு லென்ஸ் வாங்கி, அதைக் கைபேசிக்கு முன்னால் பிடித்து எடுத்தது அது. இரண்டு பெட்டிகளும் ஒரே படத்தில் இருக்கின்றன.

அந்த லென்ஸில் என் கண்ணாலேயே பார்த்தேன். கடைப் பெட்டியில் கோடு ஒரே கறுப்பாக, கத்தியால் வெட்டியது போல் இருக்கிறது. இணையப் பெட்டியில் கறுப்புக் கோட்டுக்குள்ளேயே நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள் தெரிகின்றன. விளிம்பு ரம்பப் பல் போல் இருக்கிறது.

அச்சுமை

இந்தப் படத்தில்தான் பேசுவதற்கு விஷயம் இருக்கிறது. நிதானமாகப் பார்ப்போம்.

பார்கோடு எப்போதும் கோடு, இடைவெளி, கோடு என்ற மூன்று காவல் அலகுகளோடு தொடங்கும். மூன்றும் சம அகலம் இருக்க வேண்டும். உங்கள் நெருக்கப் படத்தில் அளந்தேன். கடைப் பெட்டியில் அவை 12, 11, 12 பிக்சல். இணையப் பெட்டியில் 15, 8, 15. ஒரு கோட்டின் இடது விளிம்பிலிருந்து அடுத்த கோட்டின் இடது விளிம்பு வரை கூட்டினால் இரண்டிலும் 23 தான். அதாவது பார்கோட்டின் அளவு மாறவில்லை. கறுப்பு இரு பக்கமும் ஊதி, வெள்ளையைத் தின்றிருக்கிறது. ஸ்கேனர் இந்த விளிம்பிலிருந்து விளிம்பு வரையான தூரத்தை வைத்துத்தான் பெரும்பாலும் படிக்கிறது. அதனால்தான் இவ்வளவு ஊதியும் விற்பனையாளர் சொன்னபடி ஸ்கேன் ஆகிறது.

மை ஊறிப் பரவுவது எந்த அச்சிலும் உண்டு. அதற்காகவே நாங்கள் பிளேட் எடுக்கும்போது கோட்டின் அகலத்தை முன்கூட்டியே ஒரு மயிரிழை குறைத்து வைப்போம். அச்சில் ஊறி வரும்போது சரியான அளவுக்கு வந்து நிற்கும். அச்சிட்ட பெட்டியை ஸ்கேன் செய்து அதிலிருந்து மறுபடி பிளேட் எடுப்பவரிடம் இருப்பது ஏற்கெனவே ஊறிய கோடு. அது இரண்டாம் முறை ஊறும். கோடு தடிப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் கோடு தடித்தது ஒன்றை மட்டும் வைத்து நான் போலி என்று சொல்ல மாட்டேன். மை அதிகமாகப் போன ஒரு நாளில் எங்கள் அச்சகத்திலேயே இப்படி வந்து, கட்டுக் கட்டாகக் கழித்துப் போட்டிருக்கிறோம். புள்ளிகளைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். அசல் வடிவமைப்பிலிருந்து பிளேட் எடுத்தால் பார்கோடு கறுப்பு மையில் மட்டும், திட்டாக விழும். உள்ளே புள்ளியே இராது. நான்கு நிறப் புள்ளிகளால் கறுப்பு உண்டாகியிருக்கிறது என்றால், அச்சிட்டவருக்குப் பார்கோடு ஒரு வரைபடமாகக் கிடைக்கவில்லை, ஒளிப்படமாகக் கிடைத்திருக்கிறது என்று பொருள்.

ஒரே ஒரு சோதனை மீதியிருக்கிறது. அதே பக்கத்தில் உள்ள சின்னஞ்சிறு கறுப்பு எழுத்துகளையும் அதே லென்ஸில் பாருங்கள்.

ஒளியோவியன்

நான் பொருள்களை ஒளிப்படம் எடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன். அச்சுமை ஐயாவின் அளவுகளில் ஓர் எச்சரிக்கை. வெளிச்சம் குறைவாக விழுந்தால் கறுப்பு ஊதித் தெரியும். மிகுந்தால் வெள்ளை ஊதித் தெரியும். 15க்கு 8 என்பது பெட்டி நிழலில் இருந்ததால் வந்திருக்கலாம். மேலும், இன்றைய கைபேசிகள் எடுக்கும்போதே விளிம்பைத் தாமாகக் கூர்மையாக்குகின்றன. கோட்டை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கீற்று ஒன்று தெரிகிறதே, அது அச்சில் இல்லை, கைபேசி போட்டது. கடைப் பெட்டியின் "கத்தி வெட்டு" கூர்மையிலும் கைபேசியின் பங்கு கொஞ்சம் இருக்கும்.

அச்சுமை

வெள்ளைக் கீற்றைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. நானும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நிழலைப் பொறுத்தவரை, இரு பெட்டிகளும் ஒரே படத்தில் இருக்க வேண்டும் என்று நான் கேட்டதே அதற்காகத்தான். இரண்டின் வெள்ளை அட்டையும் படத்தில் ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தில் இருக்கிறது. ஆனாலும் பிக்சல் அளவு துல்லியமான அளவை ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அச்சுத் தரத்தை முறையாக மதிப்பிடச் சிவப்பு ஒளியில் அளக்கும் தனிக் கருவி உண்டு; அதற்குப் பெட்டியே வேண்டும், படம் போதாது.

நெய்தல்விழி

பார்த்தேன், ஐயா. கடைப் பெட்டியில் உட்பொருள் பட்டியலின் எழுத்துகள் பார்கோட்டைப் போலவே ஒரே கறுப்பு. இணையப் பெட்டியில் எழுத்துகளும் புள்ளி புள்ளியாக இருக்கின்றன. கொரிய எழுத்துகளில் உள்ள சிறு வட்டங்கள் சில அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிட்டன.

வேல்முருகன் க.

என் முதல் பதிவில் தவறாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் ஒரு சந்தேகம். நான்கு நிற அச்சில் நிறங்கள் விலகி விழுந்தாலும் வண்ண ஓரம் தெரியுமே? நாட்காட்டிகளில் பார்த்திருக்கிறேன். அது போலி இல்லையே.

அச்சுமை

நல்ல கேள்வி. நிறம் விலகினால் ஒரே பக்கமாக விலகும். எல்லாக் கோடுகளுக்கும் இடப்புறம் நீலம், வலப்புறம் சிவப்பு என்று ஒரு சீராக இருக்கும். கோட்டின் விளிம்பு நேராகவே இருக்கும். இங்கே புள்ளிகள் கோட்டின் நடுவிலும் இருக்கின்றன, விளிம்பும் பல்லாக இருக்கிறது, எழுத்தும் அப்படியே. இந்தப் பக்கம் முழுவதும் ஓர் அச்சிட்ட பெட்டியிலிருந்து ஸ்கேன் செய்து மறுபடி அச்சிடப்பட்டது என்றே நான் கருதுகிறேன். அசல் வடிவமைப்புக் கோப்பு கையில் உள்ள ஒருவர் இப்படிச் செய்ய வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெட்டி இப்படி மாட்டிக்கொண்டது, செய்தவர் சோம்பலாகச் செய்ததால்தான். அந்தப் பதின்மூன்று இலக்கங்களை ஓர் இலவச மென்பொருளில் தட்டி, புதிதாகக் கோடு உண்டாக்கி அச்சிட்டிருந்தால் பார்கோடு அசலைவிடக் கூர்மையாகவே இருந்திருக்கும். ஆகவே கூர்மையான பார்கோட்டின் படத்தைக் காட்டி ஒருவர் அசல் என்று சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

ஒளியோவியன்

அட்டைப்பெட்டி மறு அச்சு என்பதை நானும் இப்போது ஏற்கிறேன். இரண்டு இடங்களில் மட்டும் உடன்பட முடியவில்லை. ஒன்று, கடையில் வாங்கிய பெட்டி அசல் என்று நாம் எல்லோரும் வைத்துக்கொண்டோம். அதற்கு ஆதாரம் என்ன? அதுவும் நன்றாகச் செய்த போலியாக இருக்கலாம். இரண்டு, பெட்டி மறு அச்சு என்பதால் உள்ளே உள்ள குழாயும் கிரீமும் போலி என்று ஆகிவிடாது. பெட்டி நசுங்கிய சரக்கை வாங்கிப் புதுப் பெட்டியில் போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள்.

அச்சுமை

முதலாவதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. கடைப் பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் அதிகபட்ச விலையும் உள்ள ஒட்டுச்சீட்டு இருந்தால், அந்த இறக்குமதியாளரிடம் கேட்டு உறுதிசெய்யலாம். இரண்டாவதைப் பொறுத்தவரை, பார்கோட்டின் படம் குழாய்க்குள் எட்டிப் பார்க்காது என்பது உண்மைதான். ஆனால் மணமும் தன்மையும் மாறியிருக்கின்றன என்று அவரே எழுதியிருக்கிறார். முகத்தில் தடவும் பொருளை, சந்தேகத்தின் பலனை விற்பவருக்குக் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது.

பனையோலை

பொதுவில் விற்பனையாளரின் பெயரைப் போடுவதற்கு முன் உற்பத்தியாளரிடம் கேட்டுவிடுங்கள், அம்மா. தவறாகப் பெயர் கெட்டவள் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.

நெய்தல்விழி

பெயரைப் போடவில்லை, அக்கா, போடவும் மாட்டேன். கடைப் பெட்டியில் இறக்குமதியாளரின் ஒட்டுச்சீட்டு இருக்கிறது. இணையப் பெட்டியில் அப்படி எதுவுமே இல்லை. இது இவ்வளவு நேரமும் என் கண்ணில் படவில்லை. ஒட்டுச்சீட்டில் இருந்த முகவரிக்கு, இரு பெட்டிகளின் நெருக்கப் படங்களையும் குழாயின் மடிப்பில் குத்தியிருக்கும் தொகுதி எண்களையும் நேற்று மின்னஞ்சலில் அனுப்பினேன். படத்தை மட்டும் வைத்து எழுத்தில் எதுவும் சொல்ல மாட்டோம், குழாயோடு பெட்டியை அனுப்புங்கள் என்று இன்று பதில் வந்திருக்கிறது. பெட்டியைக் கையை விட்டு அனுப்பிவிட்டால் பிறகு விற்பனையாளரோடு வழக்காட என்னிடம் படங்கள் மட்டும்தான் இருக்கும் என்பதால் தயங்குகிறேன். நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் புகாரைப் பதிந்துவிட்டு, புகார் எண் கிடைத்த பிறகு அனுப்பலாமா?

ஒளியோவியன்

அப்படியே செய்யுங்கள். அனுப்புவதற்கு முன் பெட்டியின் ஆறு பக்கங்களையும், குழாயின் மடிப்பையும், லென்ஸ் வைத்து எடுத்த பகுதிகளையும், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து மறுபடி படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்காத மூலக் கோப்புகளைக் கணினியில் ஏற்றி வையுங்கள்.

அச்சுமை

பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கி அனுப்ப வேண்டாம். ஒட்டு மடிப்பின் உட்புறத்தில் அச்சகங்கள் வேலை எண்ணோ நிறப் பட்டையோ போடுவது வழக்கம். அது இருக்கிறதா இல்லையா என்பதை அவர்களே பிரித்துப் பார்க்கட்டும்.